வாழைப்பூவும் நீல வாளியும்

உருளைக்கிழங்கின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. ஆனால் மாதத்தில் இருபத்தேழு நாள் ஒரே முகத்தில் விழித்தால் யாருக்கும் சலிப்பு வரும். இருபத்தெட்டாம் நாள் நான் பேனாவை எடுத்தேன்.

நான் இருப்பது வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி. நாற்பது பேர், ஒரு சமையலறை, ஒரே ஒரு சமையலக்கா. எனக்கு வேலை ஓர் அச்சகத்தில், பிழை திருத்துவது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மற்றவர்கள் செய்த தப்பைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையில் சுழிப்பதுதான் என் தொழில். அந்தப் பழக்கம் அச்சகத்தின் வாசலோடு நின்றுவிடாது என்பது என்னோடு பழகிய எல்லாருக்கும் தெரியும். விடுதியில் என்னைக் ‘கமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் நிறுத்துகிறேனாம்.

மனுவை நன்றாகத்தான் எழுதினேன். ‘ஆரோக்கியம் என்பது ஆடம்பரம் அல்ல’ என்று ஆரம்பித்து, காய்கறி எங்கே, நார்ச்சத்து எங்கே என்று அடுக்கி, ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் முடித்து, நாற்பது பேரிடமும் கையெழுத்து வாங்கி, விடுதியை நடத்துகிற குழுவுக்கு அனுப்பினேன். பெருமையில் அன்று இரண்டு உருளைக்கிழங்கு கூடுதலாகச் சாப்பிட்டேன் என்றால் பாருங்கள்.

குழுவில் இருப்பவர்கள் மனுவைப் படித்துவிட்டுத் திருந்துவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அதைவிட எளிதான வழியைக் கண்டுபிடித்தார்கள். சமையலறையை மூடிவிடுவது. வெளியிலிருந்து பெட்டிச் சாப்பாடு வரவழைப்பது. சமையலக்காவுக்கு இனி வேலை இல்லை. சமையலறையை ஒட்டி அவர் பதினாறு வருஷமாக இருக்கிற சின்ன அறையும் இல்லை.

செய்தியைச் சொன்னது வார்டன்.

“நாங்க அக்காவை அனுப்பச் சொல்லி எழுதலையே மேடம்,” என்றேன்.

“நீ எழுதினது என்னன்னு எனக்குத் தெரியும். அவங்க படிச்சது என்னன்னுதான் இப்போ பேச்சு,” என்றார் வார்டன்.

வார்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் எதையும் பேனா மையில்தான் எழுதுவார். எழுதியதை அடிக்கவே மாட்டார். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்தக் குழாய் எப்போது ஒழுகியது, எல்லாம் ஒரு நீளப் பதிவேட்டில் இருக்கும். விடுதியில் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டார். வீட்டிலிருந்து அடுக்கு டிபன் கேரியரில் கொண்டு வந்து, தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். ‘மேற்பார்வை பார்க்கிறவங்க அதே பாத்திரத்துல சாப்பிடக் கூடாது’ என்பது அவர் கொள்கை. ஆனால் நியாயஸ்தர். குழுவோடு வாதாடி ஒரு வாரம் வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

ஏற்பாடு இதுதான். திங்கள் முதல் சனி வரை ஆரோக்கியமான சாப்பாடு. தினமும் ராத்திரி, சனியன்று மட்டும் மதியம், எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் மிஞ்சியதை நீல வாளியில் கொட்ட வேண்டும். வார்டன் வாளியைத் தராசில் தொங்கவிட்டு, மிச்சத்தின் எடையைப் பதிவேட்டில் எழுதுவார். ஆறு நாளும் சேர்த்து இருபத்துநாலு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெட்டிச் சாப்பாடு.

அந்த வாரம் ஏன் வாழை வாரம் ஆனது என்றால், அதற்கு முந்தின சனிக்கிழமை அடித்த காற்றுதான் காரணம். விடுதியின் பின்னால் பதினோரு வாழைமரம் படுத்துவிட்டது. அதில் ஒன்பது குலை தள்ளிய மரம். பச்சைக் காய், நுனியில் பூ, உள்ளே தண்டு என்று ஒரு சந்தையே தரையில் கிடந்தது. குலை தள்ளாத இரண்டையும் விடாமல் நானே பிளந்து பார்த்தேன். உள்ளே மட்டைக்குள் மட்டையாக வெறும் அடுக்குதான் இருந்தது.

“குலை தள்ளுற மரத்துலதாம்மா தண்டு வரும். அது பூவைச் சுமந்துகிட்டு மேல போற காம்பு. பூவே வராத மரத்துல என்னத்தத் தேடுற?” என்றார் சமையலக்கா.

அவர் என்மேல் கோபமாக இருந்தார் என்று சொன்னால் அது பொய். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று தெரிந்தும் எனக்கு எப்போதும் போலத் தண்ணீர் எடுத்து வைத்தார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

திங்கட்கிழமை வாழைத்தண்டுக் கூட்டு. பாசிப்பருப்பு போட்டு, தேங்காய் கொஞ்சமாக அரைத்துவிட்டு, எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல் படாமல் செய்திருந்தார். வாசனை பிரமாதம். முதல் வாய் வைத்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு நின்றது. நாற்பது பேரும் மென்றார்கள். மென்றுகொண்டே இருந்தார்கள்.

என் அறைத்தோழி ஒரு நர்ஸ். வாயிலிருந்து ஒரு இழையை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

“இதை வெச்சு நான் தையலே போட்டுடுவேன்,” என்றாள்.

“ஊசி என்கிட்ட இருக்கு,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். “நூலை மட்டும் அறுக்காம குடு.”

நார்ச்சத்து கேட்டு மனுப் போட்டவள் நான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குருவிக்கூடு கட்டும் அளவுக்கு நார் சேர்ந்திருந்தது. வார்டன் தராசைத் தூக்கினார். ஒன்பது கிலோ.

செவ்வாய்க்கிழமை வாழைக்காய் காப்பாற்றியது. வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு பிசறி, தோசைக்கல்லில் துளி எண்ணெயில் இரண்டு பக்கமும் பொறுமையாகச் சிவக்க வைத்திருந்தார். வாழைக்காய்க்கு நல்ல குணம். தோலைச் சீவித் தண்ணீரில் போட்டால் கறுக்காமல் சமர்த்தாக இருக்கும், அதற்கு மேல் நம்மிடம் எதுவும் கேட்காது. இரண்டரை கிலோதான் மிச்சம். அதிலும் பாதி சோறு. நாங்கள் மூச்சு விட்டோம்.

புதன்கிழமை வாழைப்பூ. அதைப் பற்றி நினைத்தால் இப்போதும் நாக்கு சுருங்குகிறது. பொரியல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் கசப்பு, துவர்ப்பு, அதோடு பல்லில் குத்துகிற ஏதோ ஒன்று. வங்கியில் காசாளராக இருக்கும் ஒருத்தி, வாழ்நாளில் யாரையும் கடிந்து பேசாதவள், எழுந்து போய் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள். எட்டு கிலோ.

கூட்டிப் பார்த்தேன். பத்தொன்பதரை. இன்னும் மூன்று நாள் இருந்தது, நாலரை கிலோ மட்டும் இருந்தது.

எனக்கு என் தொழில் புத்தி வந்துவிட்டது. நேரே சமையலறைக்குப் போனேன்.

“அக்கா, தண்டுல நார் எடுக்கல. பூவுல உள்ள இருக்கறதை எடுக்கல. எங்க வீட்டுல அம்மா பண்ணுவாங்க, ஒரு நார் வாயில சிக்காது. இது உங்களுக்குத் தெரியாதா?”

சமையலக்கா பாத்திரம் துலக்குவதை நிறுத்தினார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு பூவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“உக்காரு.”

உட்கார்ந்தேன். சிவப்பு மடலை ஒவ்வொன்றாக உரித்தார். ஒவ்வொரு மடலுக்கு அடியிலும் சீப்பு மாதிரி ஒரு வரிசைப் பூ. அதில் ஒன்றைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். “உள்ள பாரு. தலையில உருண்டை வெச்ச தீக்குச்சி மாதிரி ஒண்ணு நிக்குதா? அது பேரு கள்ளன். அதைப் புடுங்கு. அடியில கண்ணாடித்தாள் மாதிரி ஒரு செதில் இருக்கும், அதையும் எடு. ரெண்டும் வேகாது. எடுக்கலேன்னா கசக்கும், குத்தும்.”

பிடுங்கினேன். எளிதாகத்தான் இருந்தது.

“ம். அடுத்தது.”

இருபது பூ எடுத்ததும் கழுத்து வலித்தது. ஐம்பது எடுத்ததும் விரல் பிசுபிசுவென்று ஒட்டிக் கறுக்க ஆரம்பித்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதை அக்கா வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்று இன்றுவரை சந்தேகப்படுகிறேன். அரை மணி நேரத்தில் ஒரு வாழைப்பூவில் பாதியைத் தாண்டவில்லை.

“இந்த மாதிரி நாலு பூ, நாற்பது பேருக்கு,” என்றார் அக்கா. “சோறு, குழம்பு, ரசம், காலைல பலகாரம், பாத்திரம், எல்லாம் முடிச்சுட்டு இது. எனக்குத் தெரியாதான்னு கேட்டியே. தெரியும்மா. எனக்கு இருக்கறது ரெண்டு கைதான். உருளைக்கிழங்குக்குக் கள்ளன் கிடையாது, அதான் தினமும் உருளைக்கிழங்கு. உங்க அம்மா வீட்டுல மூணு நாலு பேருக்குப் பண்ணாங்க. அப்போ நீ எங்க இருந்த?”

நான் எங்கே இருந்தேன்? கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் ஒரு முறத்தோடு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான் தெரியும். எத்தனை மணி நேரம் என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை. மனுவில் ஒரு எழுத்துப்பிழை இல்லை என்று பீற்றிக்கொண்டேனே, அதில் இந்த இரண்டு கை இருக்க வேண்டிய இடம் முழுக்கக் காலியாக இருந்திருக்கிறது.

அன்றே மாடி ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டி, சமையலறையில் கை கொடுக்க வரச் சொன்னேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. பெட்டிச் சாப்பாடு வந்தால் என்ன ஆகும் என்று அவர்களும் யோசித்து வைத்திருந்தார்கள் போல. “அக்கா போயிட்டா எனக்கு ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா சூடா கஞ்சி யாரு தருவா?” என்றாள் நர்ஸ். அதை அவள் மனுவில் கையெழுத்துப் போடும்போது சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை வாழைக்காயை அரைவேக்காடாக வேகவைத்து, தோலை உரித்துத் துருவி, கடுகு தாளித்து உதிர் உதிராகச் செய்தார் அக்கா. துருவியது தையல்காரியும் காசாளரும். இரண்டரை கிலோ. வெள்ளிக்கிழமை மறுபடி தண்டு. இந்தத் தடவை மாலை ஐந்தரைக்கே பத்துப் பேர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். தண்டை வில்லை வில்லையாக நறுக்கணும். ஒவ்வொரு வில்லையை வெட்டும்போதும் இழுபடுகிற நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போகணும். கொஞ்ச நேரத்தில் எல்லார் விரலிலும் வெள்ளையாக ஒரு கட்டு. பிறகு பொடியாக நறுக்கி, கறுக்காமல் இருக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டு, ஒரு குச்சியை விட்டுச் சுழற்றினால் தப்பித்த நார் எல்லாம் குச்சியில் சுற்றிக்கொண்டு வெளியே வரும். அந்தக் குச்சியைச் சுழற்றுகிற வேலைக்கு அடிதடியே நடந்தது.

கூட்டு வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனாலும் திங்கட்கிழமை பயம் சிலருக்குப் போகவில்லை. பத்துப் பேர் தண்டைத் தொடாமல் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு கிலோ.

பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். ஒன்பது, இரண்டரை, எட்டு, இரண்டரை, இரண்டு. கச்சிதமாக இருபத்துநாலு.

“அப்போ நாளைக்கு?” என்று கேட்டாள் நர்ஸ்.

“நாளைக்கு மிச்சம்னு ஒண்ணு இருக்கக் கூடாது,” என்றார் வார்டன். “ஒரு பருக்கை கூட.”

“ஒரு பருக்கை உங்க தராசுல தெரியாதே மேடம்.”

“என் கண்ணுல தெரியும்.”

சனிக்கிழமை மதியச் சாப்பாடு. பலருக்கும் விடுமுறை. மற்றவர்களும் எப்படியோ விடுப்பு வாங்கியிருந்தார்கள். மிஞ்சியிருந்த ஐந்து வாழைப்பூவும், ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்திருந்த கடைசித் தண்டுகளும் அன்றைக்கு. காலை ஆறு மணிக்கே சாப்பாட்டுக் கூடம் முழுக்கப் பாய் விரித்தாகிவிட்டது. கையில் எல்லாரும் எண்ணெய் தடவிக்கொண்டார்கள். பூக்களை உள்ளங்கையில் வைத்து நுனியை லேசாகத் தேய்த்தால் வாய் திறக்கும், கள்ளன் தலையை நீட்டுவான், பிடித்து இழுக்க வேண்டியதுதான். தையல்காரியின் வேகத்தைப் பார்க்க வேண்டுமே. நாங்கள் ஒன்று எடுப்பதற்குள் அவள் ஐந்து எடுத்தாள். காசாளர் எடுத்த கள்ளன்களைப் பத்துப் பத்தாக அடுக்கி வைத்தாள். அது அவளுக்குத் தொழில் தோஷம். என் தொழில் தோஷம் தெரிந்ததால், எல்லாரும் முடித்ததைக் கடைசியாகச் சரி பார்க்கிற வேலை எனக்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

“கமா, அந்தக் குருத்துப் பூவை விடு. வெள்ளையா பிஞ்சா இருக்கறதுல கள்ளன் முத்தியிருக்காது, அப்படியே நறுக்கலாம்,” என்றார் அக்கா. முதல் தடவையாக அவர் என்னைக் கமா என்றார். எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது.

நறுக்கியது மோருக்குள் போனது. எங்கள் பக்கத்தில் மலை மாதிரி குவிந்தது சிவப்பு மடலும், தண்டிலிருந்து உரித்த மட்டையும். அள்ளிக் கொண்டுபோய்ப் போடும் வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அன்று எனக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு.

அக்கா அன்று யோசிக்காத விஷயமே இல்லை. தட்டில் ஒதுக்கி வைக்கிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்று கறிவேப்பிலையையும் மிளகாயையும் அரைத்தே சேர்த்தார். பூவைப் பருப்போடு உசிலியாக உதிர்த்தார். தண்டை மிளகு போட்டுத் தெளிவான சூப்பாக ஆக்கினார். பரிமாறும்போது ஒவ்வொருத்தியிடமும் “எவ்வளவு வேணும்? உண்மையைச் சொல்லு” என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்.

சாப்பிட்டோம். எப்படிச் சொல்வது? வாழைப்பூவுக்கு உள்ளே இப்படி ஒரு ருசி ஒளிந்திருக்கிறது என்று இத்தனை வயது வரை எனக்குத் தெரியாமல் போனதே என்று ஆத்திரமாக வந்தது. புதன்கிழமை மூன்று டம்ளர் தண்ணீர் குடித்த காசாளர் மூன்று தடவை கேட்டு வாங்கினாள். நாற்பது தட்டும் கழுவி வைத்த மாதிரி இருந்தது. நீல வாளி கூடத்தின் பின்வாசலில் எப்போதும் இருக்கும் இடத்தில் மூடி போட்டு நின்றது. யாருக்கும் கொட்ட எதுவும் இல்லாததால் யாரும் மூடியைத் திறக்கவே இல்லை.

வார்டன் வந்தார். தராசை மாட்டினார். வாளியைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. இன்னொரு கையையும் கொடுத்துத் தூக்கினார். முள் கீழே கீழே இறங்கியது.

“பதினோரு கிலோ,” என்றார். உடனே பதிவேட்டில் எழுதினார், பேனா மையில்.

சமையலக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், மூடியைத் திறங்க!” என்று கத்தியது தையல்காரி. திறந்தார். உள்ளே விளிம்பு வரை சிவப்பு மடலும் வாழை மட்டையும்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காலையில் குப்பையைப் போடப் போனபோது சமையலறையின் கறுப்பு வாளி ரொம்பி வழிந்தது. பக்கத்திலேயே கழுவித் துடைத்த வாளி ஒன்று காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு இதில் இருக்கட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்தேபோனேன். ஊரார் தப்பையெல்லாம் சுழிக்கிறவளுக்கு வாளியின் நிறம் தெரியவில்லை.

“இது தட்டுல மிஞ்சினது இல்லையே,” என்றாள் நர்ஸ். “சமையலறைக் குப்பை.”

“எழுதினதை அடிக்க மாட்டேன்,” என்றார் வார்டன். “கீழ இன்னொரு வரி எழுதலாம். அதுக்கு யாரு போட்டாங்கன்னு தெரியணும்.”

நான் வாயைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. மூன்று நொடி இருக்கும். நாற்பது பேரும் காலை ஆறு மணியிலிருந்து கழுத்து வலிக்க உட்கார்ந்ததை நான் ஒருத்தி கெடுத்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அந்த மூன்று நொடிக்காக இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“நான்தான் போட்டேன்,” என்றார் சமையலக்கா.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் காலையில் நான் குப்பையை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர் அவர் மட்டும்தான்.

வார்டன் பேனாவைக் கீழே வைத்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எடை போடற வாளியில நீங்களே கை வெச்சீங்கன்னா, மத்த அஞ்சு நாளும் என்ன பண்ணீங்கன்னு குழு கேக்கும். ஒரு வரிகூட நிக்காது.”

அக்காவுக்கு அது தோன்றியிருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

“அவங்க இல்ல மேடம்,” என்றேன். “நான். கறுப்பு வாளி ரொம்பிடுச்சு. இதுல போட்டேன். மறந்துட்டேன். மனு எழுதி இவங்க வேலைக்கு உலை வெச்சதும் நான், இன்னைக்கு அதுக்குத் தீ மூட்டினதும் நான்.”

யாரும் திட்டவில்லை. தையல்காரி மட்டும், “நீ போய் எங்க தப்பைச் சரி பார்த்தியாக்கும்,” என்றாள்.

வாளியைப் பாயில் கவிழ்த்தோம். அடியில் சாப்பாடு எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. மடல் மடலாக, மட்டை மட்டையாக உதறி எடுத்தோம். வார்டன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு பருக்கை இல்லை. காலி வாளியைத் தராசில் மாட்டினார். வாளியின் எடையைக் கழித்து வைத்திருந்த முள் பூஜ்யத்திலேயே நின்றது.

பதினோரு கிலோ என்று எழுதிய வரிக்குக் கீழே எழுதினார்: ‘மேற்படி எடை சமையலறைக் குப்பை. தவறுதலாகப் போட்டவர்.’ பேனாவை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். என் விரல் கறுப்பாக இருந்தது, பதிவேட்டின் ஓரத்தில் ரேகை பதிந்தது.

“அப்போ பாஸ் தானே மேடம்?” என்றாள் நர்ஸ்.

“அவசரப்படாத. இன்னும் ஒருத்தர் சாப்பிடல.”

“யாரு?”

“நான்,” என்றார் வார்டன்.

வார்டன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். “இந்த வாரக் கணக்கு இந்தக் கட்டடத்துல இருக்கற எல்லாரோட கணக்கு. கேரியரை இன்னைக்கு வேணும்னேதான் வீட்டுல வெச்சுட்டு வந்தேன். போடுங்க.”

பாத்திரம் எல்லாம் காலி. சமையலக்கா தனக்கென்று ஒரு தட்டு எடுத்து மூடி வைத்திருந்தார். அதை அப்படியே கொண்டுவந்து வைத்தார். “உங்களுக்கு?” என்று கேட்டார் வார்டன். “எனக்குப் பசிக்கல,” என்றார் அக்கா. வார்டன் இன்னொரு தட்டு வரவழைத்து, சரிபாதி பிரித்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினாறு வருஷத்தில் அக்கா அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

நாற்பது பேர் சுற்றி நின்று இரண்டு பேர் சாப்பிடுவதைப் பார்த்தோம். வார்டன் நிதானமாக மென்றார். சூப்பைக் குடித்தார். சோற்றை வழித்தார். உசிலியில் கடைசி வாய். மெல்லும்போது நின்றார். நாக்கைச் சுழற்றினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

கள்ளன். உருண்டைத் தலையோடு, முழுசாக. ஐந்து பூவிலும் தப்பிய ஒரே ஒருத்தன். நான் சரி பார்த்ததில் தப்பியவன்.

அக்காவின் கை பாதி வழியில் நின்றது. மிச்சம் என்றால் மிச்சம்தான், ‘ஒரு பருக்கை கூட’ என்று சொன்னது வார்டனேதான். பேனா தட்டுக்குப் பக்கத்திலேயே மூடி திறந்து கிடந்தது.

வார்டன் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தக் கள்ளனை விரல் நுனியில் எடுத்து, வாயில் போட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, விழுங்கினார்.

பதிவேட்டை இழுத்து, ‘சனி: மிச்சம் இல்லை’ என்று மையில் எழுதினார்.